ஒரு கரண்டியில் எத்தனை மைக்ரோகிராம்?

புரோட்டீன் பவுடர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "வே நல்லதா, தாவரப் புரதம் நல்லதா?" என்று. அண்மைக் காலத்தில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "அதில் ஈயம் இருக்கிறதாமே, உண்மையா?" எனக்கு நாளுக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும், அதில் எவ்வளவு ஏற்கெனவே சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கணக்கைப் போடாமல் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. பவுடரில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பது பாதிச் செய்திதான். நாளுக்கு எத்தனை கரண்டி போடுகிறோம் என்பது மீதிப் பாதி. அதனால் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, ஆரோக்கியமான வயதுவந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது. இந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சிலர் இதை உயிர் பிழைத்திருக்கத் தேவையான அடிமட்ட அளவு என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சராசரி மனிதரின் தேவை கிலோவுக்கு 0.66 கிராம்தான். ஆளுக்கு ஆள் தேவை மாறும் என்பதால், கிட்டத்தட்ட எல்லோரையும் உள்ளடக்கும்படி உயர்த்தி வைத்த அளவே 0.83. வேறு சிலர் இதுவே உச்சவரம்பு என்று நினைக்கிறார்கள், அதுவும் இல்லை. புரதம் சிதைவதால் உடல் இழக்கும் நைட்ரஜனை ஈடுகட்டப் போதுமான அளவு என்பது மட்டுமே இதன் பொருள். எடை தூக்கித் தசை வளர்க்க விரும்புபவரை மனத்தில் வைத்து இதைக் கணக்கிடவில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு வேறோர் எண் உண்டு. எடைப்பயிற்சி செய்தவர்களை வைத்து நடந்த 49 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2018இல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடத் தசையும் சற்றுக் கூடியது. அதற்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் மந்திரம்போல் சொல்லப்படும் "கிலோவுக்கு 2 கிராம்" என்பதற்கு இதைத் தாண்டிய பெரிய ஆதாரம் இல்லை. பெரும் பங்கு தசை பயிற்சியால் வருகிறது, புரதம் அதற்குக் கொஞ்சம் துணை செய்கிறது என்பதும் அதே பகுப்பாய்வில் தெளிவாகத் தெரிந்தது. விளம்பரங்கள் இந்தப் பகுதியை எடுத்துச் சொல்வதில்லை. முதியவர்கள் கதை வேறு. வயது ஏற ஏறத் தசை கரைவதால் அவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த எண்களில் எதையும் தாங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுடைய அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். 34 வயதுப் பெண், எடை 60 கிலோ, வாரத்தில் மூன்று நாள் எடைப்பயிற்சி. "தினமும் இரண்டு கரண்டி" என்று டப்பாவில் அச்சிட்டிருந்ததைப் படித்து, அப்படியே ஒரு தாவரப் பவுடரைக் குடித்துவருகிறார். பயிற்சி செய்யாவிட்டால் அவருக்கு நாளுக்கு 50 கிராம் போதும். 1.6 என்ற எல்லை வரை போனால் 96 கிராம். நடுவில் ஒரு நியாயமான இலக்காக 1.4ஐ வைத்துக்கொண்டால் 84 கிராம் வருகிறது.

அவர் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்ப்போம். 400 மில்லி பாலில் 13 கிராம், 150 கிராம் தயிரில் 5, சமைப்பதற்கு முன் 60 கிராம் இருந்த பருப்பில் 14, நாள் முழுவதும் உண்ட தானியம் சமைக்கும் முன் 250 கிராம் என்றால் அதில் சுமார் 22, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, காய்கறிகளிலும் மற்றவற்றிலும் சேர்த்து 4. மொத்தம் 65 கிராம். தானியத்தின் 22 கிராமைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அது மாவுச்சத்து என்று ஒதுக்கிவிடுகிறார்கள். புரதப் பற்றாக்குறை என்ற அச்சத்தில் பாதி இந்தக் கூட்டல் பிழையில்தான் பிறக்கிறது.

ஆக, பயிற்சி செய்யாவிட்டால் இந்தப் பெண்ணுக்குப் பவுடரே வேண்டாம். 84 கிராம் இலக்கு என்றால் 19 கிராம் குறைகிறது. ஒரு கரண்டி தாவரப் பவுடர் 33 கிராம் எடை இருக்கும், அதில் சுமார் 22 கிராம் புரதம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். (கரண்டியின் எடையும் அதிலுள்ள புரதத்தின் எடையும் ஒன்றல்ல. மீதி எடை மாவுச்சத்து, கொழுப்பு, ஈரப்பதம், சுவையூட்டி.) அவருக்கு ஒரு கரண்டிக்கும் சற்றுக் குறைவாக, 28 கிராம் பவுடர் போதும். அவர் குடிப்பதோ 66 கிராம். இந்த இரண்டு எண்களும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்து, வேயா தாவரமா என்ற கேள்வி. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரில் இருக்கும் புரதமே வே. பாலின் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு இது. மற்ற நான்கு பங்கு கேசீன். தெளிநீரை வடிகட்டி உலர்த்தினால் கான்சன்ட்ரேட் என்ற வகை கிடைக்கிறது. பரவலாக விற்பனையாகும் வகையில் சுமார் 80 சதவீதம் புரதம் இருக்கும், பால் சர்க்கரையான லாக்டோஸும் கொஞ்சம் இருக்கும். இன்னும் வடிகட்டினால் 90 சதவீதத்துக்குமேல் புரதமுள்ள ஐசொலேட். பால் குடித்தால் வயிறு உப்புபவர்களுக்கு இரண்டாவது வகை ஒத்துக்கொள்ளக்கூடும். பால் புரதமே ஒவ்வாமை என்றால் இரண்டும் ஆகாது.

வேயின் பெருமை அதன் லியூசின். தசையில் புரதம் கட்டும் வேலையைத் தூண்டிவிடும் அமினோ அமிலம் இது. வே புரதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு லியூசின்தான்; பட்டாணியில் அது சுமார் 8 சதவீதம். தாவரங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. பட்டாணியில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருப்பதால் இரண்டையும் கலந்து விற்கிறார்கள். டப்பாவில் "கலவை" என்று போட்டிருப்பதன் காரணம் அதுதான்.

நடைமுறையில் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது? 161 ஆண்களை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழுவுக்குப் பட்டாணிப் புரதம், இன்னொன்றுக்கு வே, மூன்றாவதற்கு வெற்றுப் பவுடர் கொடுத்தார்கள். நாளுக்கு இருமுறை 25 கிராம் வீதம் 12 வாரம். மேற்கையின் முன்தசை எவ்வளவு தடித்தது என்று அளந்தபோது பட்டாணிக்கும் வேக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பவுடர் தவிர நம் பெண் பாலும் பருப்பும் தானியமும் சாப்பிடுகிறார். 65 கிராம் கலப்பு உணவோடு சேரும் 19 கிராமில் எந்த அமினோ அமிலம் கொஞ்சம் குறைகிறது என்று கவலைப்படுவது வீண் வேலை. என் கருத்தில், தசை விஷயத்தில் இந்தப் போட்டி ஏறக்குறைய சமன். தாவரப் பவுடர் பின்தங்குவது வேறோர் இடத்தில்.

செடி வேர் வழியாக மண்ணிலிருந்து நீரையும் தாதுக்களையும் உறிஞ்சுகிறது. தேவையான துத்தநாகத்தையும் தேவையில்லாத காட்மியத்தையும் வேரால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. மண்ணில் காட்மியம் இயல்பாகவே இருக்கிறது. பாஸ்பேட் உரங்கள் அதைக் கூட்டுகின்றன. நீர் தேங்கிய வயலில் மண்ணிலுள்ள ஆர்செனிக் கரைந்து வெளிப்படுவதால் நெல் அதை மற்றத் தானியங்களைவிட அதிகம் உறிஞ்சுகிறது. ஈயம் மண்ணிலும், பழைய பெட்ரோல் புகை படிந்த தூசியிலும், பதப்படுத்தும் இடத்திலும் இருக்கிறது. பசுவும் இதே செடிகளைத்தான் தின்கிறது. ஆனால் அது உட்கொள்ளும் ஈயத்தில் மிகச் சிறு பங்கே பாலுக்கு வருகிறது. பெரும்பகுதி சாணத்தில் வெளியேறுகிறது, மிச்சம் எலும்பில் தங்குகிறது. பசுவையே ஒரு வடிகட்டி என்று சொல்லலாம். தாவரப் பவுடருக்கு அப்படி இடையில் யாரும் இல்லை.

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2025 அக்டோபரில் 23 பவுடர்களையும் பானங்களையும் சோதித்த முடிவை வெளியிட்டது. தாவர வகைகளில் ஈயம் சராசரியாகப் பால் வகைகளைவிட ஒன்பது மடங்கு இருந்தது. அதே ஆண்டு கிளீன் லேபிள் புராஜெக்ட் என்ற அமைப்பு 160 பவுடர்களைச் சோதித்தபோதும் தாவர வகைகளே மோசமாக இருந்தன. சாக்லேட் சுவையில் ஈயம் வெனிலாவைவிட நான்கு மடங்கு. கோகோ விதை காயும்போது தூசியோடு ஈயமும் அதன்மேல் படிவதே முக்கியக் காரணம். இயற்கை வேளாண்மை முத்திரை பெற்றவற்றில் மற்றவற்றைவிட மூன்று மடங்கு. இது பலரைத் திடுக்கிட வைத்தது. அந்த முத்திரை பூச்சிக்கொல்லியைப் பற்றிப் பேசுகிறதே தவிர மண்ணிலுள்ள ஈயத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

செய்தித் தலைப்புகள் குழப்பியது இனிமேல்தான். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்த 23இல் மிக அதிக ஈயம் இருந்தது ஒரு தாவர எடை கூட்டும் பவுடரில்: ஒரு முறை குடிக்கும் அளவில் 7.7 மைக்ரோகிராம். அடுத்தது உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் ஒரு பவுடர்: 6.3 மைக்ரோகிராம். முதலாவதே மோசமானது என்றுதான் தோன்றும். ஆனால் அதில் ஒரு முறைக்குப் போட வேண்டியது 315 கிராம். இரண்டாவதில் 90 கிராம். வகுத்துப் பார்த்தால் முதலாவதில் கிராமுக்கு 0.024 மைக்ரோகிராம், இரண்டாவதில் 0.07. பவுடராகப் பார்த்தால் இரண்டாவதில்தான் மூன்று மடங்கு ஈயம். முதலாவது பட்டியலில் மேலே போனது, அதை அள்ளி அள்ளிப் போடச் சொல்லியிருப்பதால். எந்தச் சோதனை முடிவைப் படித்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை கிராமுக்கு என்று தேடிப் பாருங்கள்.

எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து? ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. அது கால்சியத்தைப்போல நடித்து எலும்பில் புகுந்து பல ஆண்டுகள் தங்கும். கருவுற்ற காலத்தில் எலும்பு கரையும்போது மீண்டும் ரத்தத்துக்கு வந்து குழந்தையைச் சேரும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எண்கள் உண்டு. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பயன்படுத்தியது நாளுக்கு 0.5 மைக்ரோகிராம். கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் எச்சரிக்கை வாசகம் அச்சிடுவதற்கு வைத்த கோடு அது. இனப்பெருக்கத்துக்குப் பாதிப்பு காணப்படாத அளவை எடுத்து ஆயிரத்தால் வகுத்து அதை நிர்ணயித்தார்கள். இன்னொன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் எண்: கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு எல்லா உணவிலிருந்தும் சேர்த்து நாளுக்கு 8.8 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கு 2.2. அமெரிக்காவில் வயதுவந்தவர்கள் சாதாரண உணவிலிருந்தே நாளுக்கு 1.7 முதல் 5.3 மைக்ரோகிராம் வரை ஈயம் பெறுகிறார்கள் என்பது அதே நிர்வாகத்தின் மதிப்பீடு. அப்படியிருக்க, 0.5ஐ விஷத்தின் எல்லை என்று படித்தால் யாரும் சாப்பிடவே முடியாது. 8.8ஐ அதுவரை தாராளமாகப் போகலாம் என்ற அனுமதியாகப் படிப்பதும் தவறு.

நம் பெண்ணின் பவுடரில் கிராமுக்கு 0.07 மைக்ரோகிராம் ஈயம் என்று வைப்போம். இரண்டு கரண்டியில், அதாவது 66 கிராமில், 4.6 மைக்ரோகிராம். சாப்பாட்டிலிருந்து வருவது மேல் எல்லையான 5.3 என்றால் மொத்தம் 9.9, அவர் வயதுக்கான 8.8ஐத் தாண்டிவிட்டது. அவருக்கு உண்மையில் தேவையான 28 கிராமில் 2 மைக்ரோகிராம்தான்; மொத்தம் 7.3, கோட்டுக்குக் கீழே. பவுடரை மாற்றவில்லை, கரண்டியைக் குறைத்ததிலேயே இது நடந்தது. கிராமுக்கு 0.01 மட்டுமே உள்ள ஒரு வேக்கு மாறினால், 19 கிராம் புரதத்துக்கு 24 கிராம் பவுடர் போதும், ஈயம் 0.24 மைக்ரோகிராமாக இறங்கும்.

தன் பவுடரில் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? டப்பாவில் இருக்காது. நிறுவனத்திடம் அந்தத் தொகுப்புக்கான ஆய்வகச் சான்றிதழைக் கேட்க வேண்டும். சில நிறுவனங்கள் இணையதளத்திலேயே போடுகின்றன. அதில் ஈயம் பெரும்பாலும் பிபிஎம் என்ற அலகிலோ, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்றோ இருக்கும். இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதற்குச் சமம். அந்த எண்ணை நீங்கள் குடிக்கும் கிராமால் பெருக்கினால் நாளின் அளவு வந்துவிடும். பிபிபி என்று இருந்தால் முதலில் ஆயிரத்தால் வகுக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எண் இருக்க வேண்டிய இடத்தில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. அந்த ஆய்வகத்தால் எவ்வளவு சிறிய அளவு வரை அளக்க முடியும் என்பது அருகிலோ அடிக்குறிப்பிலோ இருக்கும். அது 0.1 பிபிஎம் என்றால், 33 கிராம் கரண்டியில் 3.3 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலும் அதே வாசகம்தான் வரும். 0.005 பிபிஎம் என்றால் அந்த வாசகத்துக்கு மதிப்பு உண்டு. சான்றிதழ் உங்கள் டப்பாவின் தொகுப்பு எண்ணுக்கு உரியதா என்றும் பாருங்கள். வேறு வயலில் விளைந்த பட்டாணி வந்தால் எண்ணும் மாறும். மூன்றாண்டுக்கு முந்தைய ஒரே சான்றிதழை எல்லோருக்கும் அனுப்பும் நிறுவனம் எதையும் நிரூபிக்கவில்லை.

கருவுற்றவர்களும் குழந்தைகளும் தினமும் தாவரப் பவுடர் குடிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பெரியவர்கள் உட்கொள்ளும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கையே உடல் ஏற்கிறது. சிறு குழந்தைகளின் உடல் பாதி வரைகூட ஏற்கும். வெறும் வயிற்றிலும், இரும்புச்சத்தோ கால்சியமோ குறைந்த உடலிலும் ஈயம் கூடுதலாக உள்ளே போகிறது. காலையில் எதுவும் சாப்பிடாமல் பவுடரை மட்டும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

34 வயதுப் பெண்ணிடம் திரும்புவோம். வே பவுடர் வேண்டாம், தாவரமே வேண்டும் என்று அவர் சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. பயிற்சி செய்யும் மூன்று நாள்களில் மட்டும் 28 கிராம், சாக்லேட் அல்லாத வெனிலா. மற்ற நான்கு நாள்களில் இரண்டு முட்டையும் கூடுதலாக 200 கிராம் தயிரும் சேர்த்தால் அதே 19 கிராம் வந்துவிடும். வாரத்துக்குப் பவுடரிலிருந்து 6 மைக்ரோகிராம் ஈயம். முன்பு குடித்த கணக்கில் அது 32.